தொழு உரமா, யூரியாவா: இருபது சதுர மீட்டர் தக்காளிக்கு ஒரு கணக்கு

கேள்வி: வீட்டுக்குப் பின்னால அஞ்சு மீட்டருக்கு நாலு மீட்டர் இடம் இருக்கு, தக்காளி போடப் போறேன். தொழு உரம் மட்டும் போட்டாலே போதும்னு ஒருத்தர் சொல்றார். யூரியா இல்லாம காய் வராதுன்னு இன்னொருத்தர் சொல்றார். விளைச்சல், மண்ணோட நலம், செலவு மூணையும் சேர்த்துப் பார்த்தா எது சரி?

பதில்:

உங்கள் இடத்துக்கு என் பரிந்துரை இதுதான். நன்றாக மக்கிய தொழு உரம் 50 கிலோ அடியுரமாகப் போடுங்கள். நட்ட பிறகு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான யூரியாவை நான்கு தடவையாகப் பிரித்து மேலுரமாகக் கொடுங்கள். மண் பரிசோதனையில் மணிச்சத்து குறைவு என்று வந்தால் மட்டும் சூப்பர் பாஸ்பேட். பொட்டாஷ் வாங்கவே வேண்டாம். இது "இரண்டிலும் பாதிப் பாதி" என்ற சமரசம் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கும். அந்தக் கணக்கை ஒருமுறை நீங்களே போட்டுப் பார்த்துவிட்டால், அடுத்த வருடம் வேறு பயிர் போட்டாலும் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

தக்காளிக்குத் தேவையான சத்து ரகத்தையும் மண்ணையும் பொறுத்துக் கூடும், குறையும். ஒரு நடுத்தரமான அளவை எடுத்துக்கொள்வோம்: ஹெக்டேருக்குத் தழைச்சத்து 150 கிலோ, மணிச்சத்து 100 கிலோ, சாம்பல்சத்து 100 கிலோ. சதுர மீட்டருக்கு என்று பார்த்தால் 15, 10, 10 கிராம். உங்கள் 20 சதுர மீட்டருக்கு 300, 200, 200 கிராம். மணிச்சத்து, சாம்பல்சத்து என்று இங்கே சொல்வதெல்லாம் உரப் பையில் அச்சிட்டிருக்கும் P2O5, K2O கணக்கு.

இதை முழுக்க ரசாயன உரத்தில் கொடுத்தால் எவ்வளவு ஆகும்? யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். 300 கிராமுக்கு ஏறக்குறைய 650 கிராம் யூரியா. சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து 16 சதவீதம், ஆகவே ஒன்றேகால் கிலோ. பொட்டாஷில் 60 சதவீதம், 330 கிராம். எல்லாம் சேர்த்து இரண்டேகால் கிலோ. ஒரு துணிப்பையில் அடங்கிவிடும்.

இனி முழுக்கத் தொழு உரம். நல்ல தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீதம், மணிச்சத்து கால் சதவீதம், சாம்பல்சத்து அரை சதவீதம் இருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் 300 கிராம் தழைச்சத்துக்கு 60 கிலோ போதும் என்று தோன்றும். பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். எருவில் இருக்கும் தழைச்சத்தில் பெரும்பகுதி செடி உடனே எடுத்துக்கொள்ளும் வடிவத்தில் இல்லை. மட்கிய பொருளுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்று சிதைத்து அம்மோனியமாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றினால்தான் வேர் எடுக்கும். ஒரு பருவத்தில் அப்படிக் கிடைப்பது தோராயமாக மூன்றில் ஒரு பங்கு. நன்கு மக்கியதில் அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். ஆக 300 கிராம் உண்மையிலேயே செடிக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் 180 கிலோ எரு வேண்டும், சதுர மீட்டருக்கு ஒன்பது கிலோ.

சுமந்து கொட்டிவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த 180 கிலோவோடு மணிச்சத்து 450 கிராமும், சாம்பல்சத்து 900 கிராமும் சேர்ந்து வருகின்றன. செடி கேட்டது 200, 200. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சதுர மீட்டருக்கு மூன்று கிலோ வீதம் மொத்தம் 60 கிலோ பழம் பறித்தீர்கள் என்றால், பழத்தோடு மண்ணைவிட்டு வெளியேறும் மணிச்சத்து 40 கிராமைத் தாண்டாது. சாம்பல்சத்து மட்டும் 170 கிராம் அளவுக்குப் போகும். தழைச்சத்து 80, 90 கிராம். ஆகவே தழைச்சத்து தேவைக்காக எருவைக் குவித்தால், வருடா வருடம் நூற்றுக்கணக்கான கிராம் மணிச்சத்து மண்ணில் தங்கிக்கொண்டே போகும். நைட்ரேட்டைப் போல அது நீரோடு எளிதில் கீழே இறங்கிப் போவதில்லை. அளவு மீறினால் துத்தநாகத்தையும் இரும்பையும் செடி எடுக்க முடியாமல் தடுக்கும். இளம் இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க, நரம்புகளுக்கு இடையில் மட்டும் வெளுத்துப் போவதைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் எரு போடலாம்" என்று மேலும் கொட்டுபவர்கள் உண்டு. பல வருடம் எரு அள்ளிக் கொட்டிய வீட்டுத் தோட்டங்களில் மண் பரிசோதனை செய்தால் மணிச்சத்து "மிக அதிகம்" என்று வருவது அதிசயமே இல்லை.

கோழி எருவில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. அதில் தழைச்சத்து 3 சதவீதம், மணிச்சத்தும் ஏறக்குறைய இரண்டரை சதவீதம். தழைச்சத்தில் பாதி முதல் பருவத்திலேயே கிடைத்துவிடும் என்பதால் 20 கிலோ போட்டாலே தேவை தீரும். ஆனால் அந்த 20 கிலோவில் மணிச்சத்து 500 கிராம். கோழி எருவை ஒரு வருடம் போட்டால் அடுத்த இரண்டு வருடம் சூப்பர் பாஸ்பேட் பக்கமே போகாதீர்கள்.

சரி, விளைச்சலுக்கு வருவோம். தக்காளிக்குத் தழைச்சத்து அதிகம் தேவைப்படுவது நட்ட 30-ஆம் நாளிலிருந்து 60-ஆம் நாள் வரை: பூ விட்டு, காய் பிடித்து, இலையும் சேர்ந்து வளரும் காலம். எருவிலிருந்து சத்து கிடைக்கும் வேகம் மண்ணின் சூட்டையும் ஈரத்தையும் பொறுத்தது. மண் காய்ந்தால் நுண்ணுயிர் ஓய்ந்துவிடும். மண்ணின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனாலும் அப்படித்தான். செடிக்குப் பசி எடுக்கும் நேரமும் எரு பரிமாறும் நேரமும் பொருந்தாமல் போவதுதான் எரு மட்டும் போட்ட பாத்தியில் காய் குறைவதற்கு முக்கியக் காரணம். 2012-ல் உலகின் பல பகுதிகளில் நடந்த சோதனைகளைத் தொகுத்து ஒப்பிட்டபோது, இயற்கை முறையில் விளைச்சல் சராசரியாக நான்கில் ஒரு பங்கு குறைவாகவும், காய்கறிகளில் மூன்றில் ஒரு பங்கு குறைவாகவும் இருந்தது. அந்த முறைகளில் தழைச்சத்துப் பற்றாக்குறைதான் பெரிய தடையாக இருப்பதையும் அதில் பார்த்தார்கள்.

அப்படியானால் யூரியாவும் சூப்பரும் மட்டும் போதுமே என்று கேட்கலாம். ஒரு வருடத்துக்குப் போதும். மண் ஏற்கெனவே வளமாக இருந்தால் மூன்று, நான்கு வருடம்கூட ஓடும். ஆனால் மண்ணுக்கு என்ன ஆகிறது என்பதை நீண்ட காலம் அளந்து பார்த்த இடம் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பிராட்பாக் என்ற வயலில் 1843 முதல் கோதுமை விதைத்து வருகிறார்கள். ஒரு பகுதிக்கு ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழு உரம், சில பகுதிகளுக்கு ரசாயன உரம் மட்டும், ஒரு பகுதிக்கு எதுவுமே கிடையாது. எருப் பகுதியும், நிறைவாக உரமிட்ட பகுதியும் நெடுங்காலம் ஏறக்குறைய சமமான விளைச்சலைக் கொடுத்தன. உரம் மட்டும் போட்ட மண் செத்துப் போகவில்லை. எதுவும் போடாத மண்ணைவிட அதில் கரிமம், அதாவது மக்கிய பொருளாக மண்ணில் தங்கும் கார்பன், கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது, ஏனென்றால் நன்றாக விளைந்த பயிர் வேரும் தாளுமாக மண்ணில் விட்டுச் செல்வதும் அதிகம். ஆனால் எரு போட்ட பகுதியில் கரிமம் இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. பிற்காலத்தில் அதிகம் விளையக்கூடிய புதிய ரகங்களைப் போட்டபோது, எருவோடு கொஞ்சம் தழைச்சத்து உரமும் சேர்த்த பகுதிகளே முன்னால் நின்றன.

அதே நிலையத்தின் ஹூஸ்ஃபீல்டு வயலில் பார்லி போட்ட ஒரு பகுதிக்கு 1852 முதல் 1871 வரை மட்டும் எரு போட்டு நிறுத்தினார்கள். நூறு வருடத்துக்குப் பிறகும் அந்த மண்ணில் பக்கத்து மண்ணைவிடக் கரிமம் கூடுதலாக இருந்தது. யூரியாவால் இப்படி ஒரு தடத்தை விட்டுச்செல்ல முடியாது.

கரிமம் கூடினால் உங்கள் பாத்தியில் என்ன மாறும்? களிமண் என்றால் மழை பெய்து காய்ந்த பிறகு மேலே ஓடு கட்டுவது குறையும், களைக்கொத்து சுலபமாக இறங்கும். மணல் என்றால் ஊற்றிய தண்ணீர் கூடுதல் நேரம் நிற்கும், போட்ட யூரியாவும் உடனே கீழே ஓடிவிடாது. அதாவது எரு போட்ட மண்ணில் யூரியாவுக்கும் மதிப்பு கூடுகிறது. இதனால்தான் எருவைத் தழைச்சத்துக்காக வாங்காதீர்கள், மண்ணுக்காக வாங்குங்கள் என்று சொல்கிறேன்.

இனி சேர்த்துப் போடும் கணக்கு. சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ வீதம் 50 கிலோ எரு. பதினைந்து லிட்டர் வாளியில் ஆறு, ஏழு வாளி வரும். அதில் தழைச்சத்து மொத்தம் 250 கிராம், இந்தப் பருவத்தில் கிடைப்பது 80 கிராம் அளவு. சாம்பல்சத்து 250 கிராம். எருவில் உள்ள சாம்பல்சத்து கிட்டத்தட்ட முழுக்கவும் தண்ணீரில் கரைவதால் அப்படியே செடிக்குக் கிடைக்கும். தேவை 200 தானே, ஆகவே பொட்டாஷ் வாங்க வேண்டாம். எருவை மழையில் திறந்து போட்டு வைத்திருந்தால் முதலில் கரைந்து ஓடுவதும் இதே சாம்பல்சத்துதான் என்பதை மறக்க வேண்டாம். குவியலின் அடியில் கருப்பாகத் தண்ணீர் ஓடிய தடம் இருந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

மணிச்சத்து எருவில் 125 கிராம் வருகிறது, அதில் பாதிக்கு மேல் இந்தப் பருவத்திலேயே பயன்படும். மண் பரிசோதனையில் "நடுத்தரம்" அல்லது "அதிகம்" என்று வந்தால் இதுவே போதும். "குறைவு" என்று வந்தால் 750 கிராம் சூப்பர் பாஸ்பேட்டை எருவோடு கலந்து அடியில் போட்டுவிடுங்கள். மணிச்சத்து மண்ணில் நகராது என்பதால் பிறகு மேலே தூவி அதிகப் பயன் இல்லை.

மிச்சம் தழைச்சத்து. 300-ல் 80 போக 220 கிராம். யூரியாவில் ஏறக்குறைய 480 கிராம்.

வேலையை இப்படிச் செய்யுங்கள். நடுவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பு எருவைப் பரப்பி, ஒரு சாண் ஆழத்துக்குள் மண்ணோடு கொத்திக் கலந்து, ஈரம் காயாமல் தண்ணீர் விட்டு வையுங்கள். மேலே பரப்பிவிட்டு வெயிலில் விட்டால் தழைச்சத்தின் ஒரு பகுதி அம்மோனியாவாகப் பறந்துவிடும். நடும்போது செடிக்குச் செடி 50 சென்டிமீட்டர், வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர் என்று வைத்தால் 60 செடி தாராளமாக நிற்கும். நட்ட 15, 30, 45, 60-ஆம் நாட்களில் யூரியா, ஒவ்வொரு முறையும் 120 கிராம். அறுபது செடிக்குப் பிரித்தால் செடிக்கு இரண்டு கிராம்.

இந்த இரண்டு கிராம் எவ்வளவு என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்வது முக்கியம். ஐந்து மில்லி டீஸ்பூனில் தலைதட்டி எடுத்தால் யூரியா நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவாக வரும். உங்களுக்குத் தேவை அதில் பாதி. கையில் பார்த்தால் "இது எந்த மூலைக்கு?" என்றுதான் தோன்றும். சிறு தோட்டங்களில் யூரியாவால் வரும் கேடுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில் பிறப்பவை. ஒரு கைப்பிடி என்பது 30 கிராமுக்குக் குறையாது. ஒரு செடிக்குப் பதினைந்து மடங்கு. ஏக்கர் கணக்கில் வைத்திருப்பவர் மூட்டைக் கணக்கில் போடுவதால் தானாகவே அளவுக்குள் நிற்கிறார். சின்னப் பாத்திக்காரர்தான் கையால் அள்ளிப் போட்டு மிஞ்சிவிடுகிறார். சமையலறைத் தராசில் ஒரு முறை 120 கிராம் நிறுத்து, ஒரு டப்பாவில் அந்த அளவுக்குக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி, வட்டமாக ஒரு விரற்கடை ஆழத்துக்குக் கீறி, அதில் தூவி மண்ணை மூடி, உடனே தண்ணீர் விடுங்கள். மூடாமல் விட்டால் என்ன ஆகும் என்றால், மண்ணில் உள்ள யூரியேஸ் என்ற நொதி யூரியாவை உடைத்து, அந்தக் குருணையைச் சுற்றிக் காரத்தன்மையை ஏற்றி, அம்மோனியாவாகக் கிளப்பிவிடும். சூடான, ஈரமான, காரத்தன்மையுள்ள மண்ணில் இந்த இழப்பு அதிகம். அடுப்புச் சாம்பலையும் யூரியாவையும் ஒரே நாளில் போடக் கூடாது என்பதும் இதனால்தான். சாம்பலின் காரம் அந்த வேலையை இன்னும் வேகப்படுத்தும். இரண்டுக்கும் இடையில் இரண்டு, மூன்று வாரமாவது விடுங்கள்.

மிஞ்சிப் போனால் எப்படித் தெரியும்? தண்டுக்குப் பக்கத்தில் விழுந்து உப்பு ஏறியிருந்தால், மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடும், இலை ஓரம் காகிதம் போலக் கருகும். அப்போது செய்யக்கூடியது ஒன்றுதான்: நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி இறக்குவது. பாத்தி முழுக்க அளவு கூடியிருந்தால் இலை கரும்பச்சையாகத் தடித்து, நுனி இலைகள் உள்ளே சுருண்டு, செடி ஆளுயரம் போகும். ஆனால் பூ குறையும், வந்ததும் உதிரும், அசுவினி மொய்க்கும். அப்படிப் பார்த்தால் அடுத்த தவணையை நிறுத்திவிடுங்கள். காயின் அடிப்பாகம் கருத்து அமுங்கிப் போவது சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேராததால். முதல் காரணம் தண்ணீர் ஒரு நாள் வெள்ளம், ஒரு நாள் வறட்சி என்று போவது. யூரியாவை மொத்தமாகப் போட்டால் அது இன்னும் மோசமாகும். மாறாக, அடி இலைகள் நுனியிலிருந்து சீராக வெளிறி மஞ்சளாகிக்கொண்டே மேலே ஏறினால் தழைச்சத்து போதவில்லை என்று பொருள். அடுத்த தவணையை ஒரு வாரம் முன்னால் கொண்டு வரலாம்.

எருவிலும் கெடுதல் உண்டு. இயற்கையானது என்பதால் எப்படிப் போட்டாலும் தீங்கில்லை என்று நினைப்பது தவறு. மக்காத எருவில் வைக்கோலும் மரத்தூளும் இருந்தால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். எரு போட்ட பிறகும் செடி மஞ்சளாக நிற்பதற்கு இதுதான் காரணம். இதோடு களை விதை, வேர்ப்புழு, கரையான், குடலைக் கெடுக்கும் கிருமிகள் எல்லாம் வரும். அமெரிக்க அரசின் இயற்கை வேளாண் விதியில், மண்ணைத் தொடும் விளைபொருளுக்குப் பச்சை எரு போட்ட நாளிலிருந்து அறுவடைக்கு 120 நாளும், தொடாததற்கு 90 நாளும் இடைவெளி கேட்கிறார்கள். பச்சையாகத் தின்னும் காய், கீரைக்கு அந்தக் கண்டிப்பு நியாயமானது.

மக்கிவிட்டதா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு பிடியை ஈரமாக்கி, பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி மூன்று நாள் நிழலில் வையுங்கள். திறந்து முகர்ந்தால் புது மழை பட்ட மண்ணின் வாசனை வர வேண்டும். மூக்கில் ஏறும் அம்மோனியா வாடையோ, அழுகல் நாற்றமோ வந்தால் இன்னும் நாள் இருக்கிறது. இரண்டாவதாக, எருவையும் மண்ணையும் சம அளவில் கலந்து ஒரு தொட்டியில் பத்துப் பீன்ஸ் விதை போடுங்கள், பக்கத்தில் வெறும் மண் தொட்டியில் இன்னொரு பத்து. இரண்டு, மூன்று வாரத்தில் இரண்டும் ஒன்றுபோல வளர வேண்டும். எருத் தொட்டியில் மட்டும் முளை கருகினால் உப்போ அம்மோனியாவோ அதிகம். இலைகள் கிண்ணம் போல் குவிந்து, நரம்பு இழுத்துப் பிடித்தது மாதிரி முறுக்கி வளர்ந்தால், மாடு தின்ற புல்லில் அடித்த களைக்கொல்லி எருவரைக்கும் வந்திருக்கிறது என்று அர்த்தம். அமினோபைரலிட் வகைக் களைக்கொல்லிகள் மாட்டின் வயிற்றிலும் எருக்குழியிலும் சிதையாமல் தப்பி வரக்கூடியவை, தக்காளியும் பீன்ஸும் அவற்றுக்கு மிகவும் பயந்த பயிர்கள். அந்த எருவை வாங்கவே வேண்டாம், விலையில்லாமல் கிடைத்தாலும்.

ரசாயனம் ஒரு துளியும் வேண்டாம் என்பவருக்கும் வழி இருக்கிறது. அதை எருவைக் கூட்டிச் செய்யாதீர்கள். 50 கிலோ எரு அப்படியே இருக்கட்டும். யூரியாவின் 220 கிராமை மட்டும் புண்ணாக்குக்கு மாற்றுங்கள். கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து ஏழு சதவீதம், வேப்பம்புண்ணாக்கில் ஐந்து. அதில் பாதிக்கு மேல் அதே பருவத்தில் கிடைத்துவிடும். கடலைப் புண்ணாக்கு என்றால் மொத்தம் ஐந்து கிலோ, வேப்பம்புண்ணாக்கு என்றால் ஏழு கிலோ போதும். மணிச்சத்தும் அளவு மீறாது. ஆனால் புண்ணாக்கு மண்ணில் சிதைய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்பதால், யூரியா போட வேண்டிய நாளுக்கு மூன்று வாரம் முன்பே போட வேண்டும். முதல் பங்கை நடும்போதே, இரண்டாவதை 15-ஆம் நாள், மூன்றாவதை 35-ஆம் நாள் வைத்துக்கொள்ளுங்கள். பொடித்துத் தூவி மண்ணோடு கலந்து மூடுங்கள். கட்டியாக வேருக்குப் பக்கத்தில் கிடந்தால் பூசணம் பிடித்து, சூடேறி, மெல்லிய வேர்களைக் கருக்கும். கடலைப் புண்ணாக்கை மூடாமல் விட்டால் எலியும் எறும்பும் செடியைச் சுற்றித் தோண்டிவிடும். இந்த முறையில் காய், யூரியா போட்ட பாத்தியை நெருங்கி வரும். செலவு மட்டும் கூடும்.

செலவைப் பற்றிப் பேசும்போது பை விலையைப் பார்க்காதீர்கள். விலையைப் பையின் எடையால் வகுத்து, அதைச் சத்தின் சதவீதத்தால் வகுத்தால் ஒரு கிலோ சத்தின் விலை வரும். ஒப்பிட வேண்டியது அதைத்தான். ஒரு கிலோ யூரியாவில் இருக்கும் தழைச்சத்து 92 கிலோ தொழு உரத்தில் இருக்கிறது. அதிலும் இந்தப் பருவத்துக்குக் கிடைப்பதை மட்டும் எண்ணினால் 270 கிலோவுக்கு மேல். ஒரு கிலோ யூரியாவின் விலைக்கு 270 கிலோ எரு யாரும் கொடுக்கப் போவதில்லை, ஏற்றுக்கூலி தனி. தழைச்சத்துக்கு என்று எரு வாங்கினால் அது மிக விலையுயர்ந்த தழைச்சத்து. இன்னொன்று: எருவின் எடையில் பாதி தண்ணீர். நனைந்து கனத்த எருவை எடைக்கணக்கில் வாங்குவது தண்ணீருக்குக் காசு கொடுப்பதுதான், முடிந்தவரை கன அளவில் வாங்குங்கள். மண்புழு உரத்தில் தழைச்சத்து ஒன்று முதல் ஒன்றரை சதவீதம்தான், விலை தொழு உரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்குக்கு மேல் சொன்னால் பாத்திக்கு அது கட்டுப்படியாகாது. நாற்றுத் தட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

செலவில் உண்மையாகச் சேமிக்கும் இடம் சொந்தமாக மக்க வைப்பது. சமையலறைக் கழிவும் சருகும் சேர்ந்தால் ஒரு வீட்டிலேயே வருடத்துக்கு இந்த 50 கிலோவில் ஒரு பெரும்பகுதியை எடுத்துவிடலாம். யூரியாவில் பணம் பெரிதில்லை, வீணாவதுதான் பெரிது. காற்றில் ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும். பெரிய மூட்டையின் விலைச் சலுகையை நம்பாமல் சின்னப் பொட்டலமாக வாங்கி, இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள்.

வருடங்கள் போகப் போக இந்த அளவுகளைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு வருடமும் போட்ட எருவின் மிச்சம் அடுத்த வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தழைச்சத்தை விடும். மூன்று, நான்கு வருடம் ஆனபின் எருவைச் சதுர மீட்டருக்கு ஒன்றரைக் கிலோவாக்கி, யூரியாவில் ஒரு தவணையை விட்டுப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மண் பரிசோதனை. கார அமில நிலை 6-க்கும் கீழே இறங்கினால் யூரியாவின் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும்போது விடும் அமிலமும் அதற்கு ஒரு காரணம். சுண்ணாம்பு போட்டுச் சரிசெய்யலாம். தக்காளிக்குப் பதில் பீன்ஸ், காராமணி போட்டால் யூரியா வேண்டாம்; போட்டால், காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர் முடிச்சு வேலையை நிறுத்திவிடும். கேரட், முள்ளங்கிக்கு அந்தப் பருவத்தில் புது எருவே வேண்டாம், கிழங்கு கிளைக்கும்.

கடைசியாக, உங்கள் மண் என்ன சொல்கிறது என்பதை உங்கள் பாத்தியிலேயே கேட்கலாம். பாத்தி முழுக்க எரு போட்டபின், ஓரம் தவிர்த்து நடுவில் ஆறு செடிக்குக் குச்சி நட்டு அடையாளம் வைத்து, அவற்றுக்கு மட்டும் யூரியா போடாதீர்கள். அவற்றுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஆறு செடிக்கும் குச்சி நடுங்கள், அவற்றுக்கு வழக்கம்போல் யூரியா. தண்ணீரும் மற்றதும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஒவ்வொரு பறிப்பிலும் இரண்டு கூட்டத்தின் பழத்தையும் தனித்தனியாக நிறுத்து எழுதுங்கள். வித்தியாசம் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் உங்கள் மண்ணிலேயே போதுமான தழைச்சத்து இருக்கிறது; அடுத்த முறை யூரியாவைப் பாதியாக்குங்கள். மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தள்ளி நின்றால் நான்கு தவணையும் அப்படியே தொடரட்டும்.